கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டியவை

1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர் தீராத மாதவிடாய் ரத்தப்போக்குக்காக டெல்லியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கும், தேவையானால் வயிற்றைத் திறப்பதற்கும் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அப்படியிருக்க, சுயமாக முடிவெடுக்கக்கூடியவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. நினைவு திரும்பிய பிறகு அவரையே கேட்டிருக்க வேண்டும்.

சம்மதம் வாங்கும் முன் நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. என்ன சிகிச்சை, எதற்காக. வேறு வழி உண்டா. முக்கிய ஆபத்துகள் எவை. செய்யாவிட்டால் என்ன ஆகும். பல பக்கப் படிவத்தைச் சுருக்கிச் சொல்பவருக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடையாது.

பித்தப்பைக் கல்லால் அடிக்கடி வலி வரும் ஒருவருக்குப் படிவத்தை இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, உங்களை முழுசா மயக்கிட்டு, வயித்துல மூணு நாலு சின்னத் துளை போட்டு, கல்லோட பித்தப்பையையே எடுத்துடுவாங்க. உள்ளே ரொம்ப ஒட்டியிருந்தா வயித்தைத் திறக்க வேண்டி வரலாம். ரத்தக் கசிவு, சீழ் பிடிக்கிறது நடக்கலாம். அபூர்வமா, ஆயிரத்துல சிலருக்கு, பித்தக் குழாய்ல காயம் பட்டு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா வலி திரும்ப வரலாம். கல் குழாயை அடைச்சா மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம்.”

வலியே தராத கல் என்றால் இந்தக் கடைசிப் பகுதி மாற வேண்டும். அத்தகைய கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். அதைச் சொல்லாமல் விட்டால் சுருக்கம் நோயாளியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

சுருக்கும்போது அதிகம் விடுபடுவது, ‘தேவைப்படும் பிற சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்’ என்கிற பொதுவான வரி. டெல்லி வழக்கை நினைத்தால் நிறுத்தி விளக்க வேண்டிய இடம் அதுதான். எந்தச் சிகிச்சை, எந்த நிலையில் என்று டாக்டரிடம் கேட்டு, அதையே படிவத்தில் எழுதச் சொல்லலாம்.

சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். “வீட்டுல கேட்டா என்ன ஆபரேஷன்னு சொல்வீங்க?” என்று கேட்பது மேல். “டாக்டர் பாத்துக்குவார்” என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும்வரை மனம் மாறலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மறுத்தால், அதை எழுதி வாங்கிக்கொண்டு, வலிக்கான மருந்தையும் அடுத்து வர வேண்டிய நாளையும் டாக்டர் சொல்வார்.