ரெக்ரூட்டரின் செய்திக்கு முதல் பதில்

வேலை தேடாத ஒருவருக்கு லிங்க்ட்இனிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ரெக்ரூட்டரின் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ‘முன்னணி நிறுவனம் ஒன்றில் நல்ல வாய்ப்பு’ என்ற ஒரு வரி, எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற குறிப்பு, கடைசியில் நான்கு கேள்விகள். ரெஸ்யூமே அனுப்புங்கள், இப்போதைய சிடிசி என்ன, எதிர்பார்க்கும் சிடிசி என்ன, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். நிறுவனத்தின் பெயர் இருக்காது, சம்பளமும் இருக்காது. இருக்கும் வேலையில் பெரிய குறையில்லை, ஆனாலும் என்னதான் தருகிறார்கள் என்று பார்க்கலாமே என்று நினைப்பவர் இந்த நான்குக்கும் வரிசையாகப் பதில் எழுதினால், தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நிற்பார்.

எழுதுபவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவர் நிறுவனத்தின் சொந்த ஹெச்ஆர் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம், வெளியிலுள்ள கன்சல்டன்சியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். சொந்த ஹெச்ஆர் என்றால் நிறுவனத்தின் பெயரை மறைக்க அவருக்குக் காரணம் குறைவு. கன்சல்டன்சிக்கோ அவர்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால்தான் பணம். இந்தியாவில் பரவலாகப் புழங்கும் கட்டணம் ஆண்டு சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 18 லட்ச ரூபாய் வேலைக்கு அது ஏறக்குறைய 1.5 லட்சம். பெயரைச் சொன்னால் ஆள் நேராகவே விண்ணப்பித்துவிடுவாரோ என்ற பயம் இதிலிருந்து வருகிறது. கட்டணத்தைத் தருவது நிறுவனம். ஆகவே உள்நாட்டு வேலைக்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று விண்ணப்பிப்பவரிடமே பணம் கேட்டால் அது மோசடி. மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இந்தப் பணக்கணக்கு ரெஸ்யூமேயையும் தொடுகிறது. ஒருவருடைய ரெஸ்யூமேயை எந்தக் கன்சல்டன்சி முதலில் நிறுவனத்திடம் சேர்க்கிறதோ, அவர் அந்தக் கன்சல்டன்சி கொண்டுவந்த ஆளாகவே பதிவாவார். பல நிறுவனங்களில் இந்த உரிமை ஆறு மாதம் வரை நீடிக்கும். அதற்குள் அதே நிறுவனத்தில் இருக்கும் நண்பர் பரிந்துரைத்தாலும் அது செல்லாமல் போகலாம். இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டால், கட்டணத் தகராறு வேண்டாம் என்று நிறுவனம் ஆளையே ஒதுக்கிவிடுவதும் உண்டு. எனவே நிறுவனத்தின் பெயர் தெரியும் முன் ரெஸ்யூமே கைமாறக் கூடாது. பெயர் தெரிந்த பிறகும், ‘இந்த வேலைக்கு மட்டும் அனுப்பலாம், வேறு எங்கும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்’ என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

சம்பளக் கேள்வி இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் 2018 முதல் விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குச் சட்டத் தடை இருக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. வேலை உறுதியாகும் கட்டத்தில் கடைசி மூன்று மாத பேஸ்லிப் கேட்பது இங்கே வழக்கம். ஆகவே கூட்டிச் சொன்ன தொகை அப்போது மாட்டிக்கொள்ளும், கைக்கு வந்த வேலையும் போகும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் முதல் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்பதில்லை. வேலை தேடாதவரின் பலமே அவருக்கு அவசரமில்லை என்பதுதான். நிறுவனம் ஒதுக்கியிருக்கும் தொகை தெரியும் முன் தன் தொகையைச் சொல்லிவிட்டால், பேச்சு அதன் மேல் இருபது, முப்பது சதவீதம் கூட்டுவதாகச் சுருங்கிவிடும்.

நோட்டீஸ் பீரியட் இதற்கு நேர் எதிர். அதை முதலிலேயே சொல்வது நல்லது. மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள். முப்பது நாளில் ஆள் வேண்டும் என்று கேட்கும் இடம் அந்த ஒரு வரியிலேயே விலகிவிடும், இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

சென்னை ஓஎம்ஆரில் ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு மென்பொருள் சோதனைப் பொறியாளரை எடுத்துக்கொள்ளலாம். சிடிசி 14 லட்சம், அதில் வேரியபிள் 1.4 லட்சம். அவர் அனுப்பக்கூடிய பதில் இவ்வளவுதான்:

‘செய்திக்கு நன்றி. நான் இப்போது வேலை தேடவில்லை. பொருத்தமாக இருந்தால் கேட்கத் தயார். நிறுவனம் எது, வேலை எந்த ஊரில், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், நிறுவனத்தின் நேரடிப் பணியா, தேர்ட் பார்ட்டி பேரோலா, இந்தப் பதவிக்கு ஒதுக்கிய ஃபிக்ஸட் சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்று தெரிவியுங்கள். என் நோட்டீஸ் 90 நாள். மாலை ஏழு மணிக்கு மேல் பேசலாம். இது நம்மிடையே இருக்கட்டும்.’

இதில் தேர்ட் பார்ட்டி பேரோல் பற்றிய கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்து, வேறொரு சிறு நிறுவனத்தின் பெயரில் ஓராண்டு ஒப்பந்தம் கையில் வரும்போதுதான் விஷயம் புரிகிறது. நிரந்தர வேலையை விட்டுவருபவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. பதிலை அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ அலுவலக லேப்டாப்பிலிருந்தோ அனுப்பாமல் இருப்பதும் அவசியம். அவற்றைப் பார்க்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

மேற்சொன்ன பதிலுக்கு மூன்று விதமாக மறுமொழி வரலாம். ஒன்றுமே வராமல் போவது சகஜம். அந்த ரெக்ரூட்டர் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பியிருப்பார். ‘விவரமெல்லாம் பிறகு, முதலில் ரெஸ்யூமே’ என்று வந்தால், கையில் உறுதியான வேலை இல்லாமல் ரெஸ்யூமே சேர்க்கிறார் என்றே எண்ணலாம். மூன்றாவது, விவரங்களோடு வரும் மறுமொழி. நம் பொறியாளருக்கு அப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: பெங்களூரு, வாரம் மூன்று நாள் அலுவலகம், நேரடிப் பணி, சிடிசி 17 லட்சம்.

மூன்று லட்சம் கூடுதல் என்று தோன்றும். பிரித்துக் கேட்டால் வேரியபிள் 2.5 லட்சம், முதல் ஆண்டுக்கு மட்டுமான ஜாய்னிங் போனஸ் 1 லட்சம் என்று தெரிகிறது. மிஞ்சும் ஃபிக்ஸட் 13.5 லட்சம். இப்போதைய ஃபிக்ஸட் 12.6 லட்சம். உறுதியான உயர்வு ஆண்டுக்கு 90,000, அதாவது வரிக்கு முன் மாதம் 7,500 ரூபாய். அதிலும் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் அடங்கியிருக்கலாம். சென்னையில் சொந்த வீட்டில் இருப்பவர் பெங்களூருவில் வாடகை கொடுத்தால், இந்த உயர்வு அதற்கே போதாது.

அவர் இப்போது மறுக்கலாம், மறுப்பையும் பயனுள்ளதாக எழுதலாம். ‘பெங்களூரு எனக்கு ஒத்துவராது. சென்னையில், நேரடிப் பணியாக, ஃபிக்ஸட் 16 லட்சத்துக்கு மேல் ஏதாவது வந்தால் சொல்லுங்கள்’ என்றால் ரெக்ரூட்டரின் குறிப்பேட்டில் ஒரு தெளிவான நிபந்தனை ஏறும். லிங்க்ட்இனின் இன்மெயிலில் வந்த செய்திக்கு 90 நாளுக்குள் பதில் எழுதினால், அதை அனுப்பச் செலவான கிரெடிட் ரெக்ரூட்டருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதனால் ‘வேண்டாம்’ என்ற பதிலும் அவருக்கு உதவிதான்.

கணக்கு சாதகமாக வந்தால் அடுத்தது ஒரு சிறிய தொலைபேசிப் பேச்சு. இந்த இடம் ஏன் காலியானது, எந்தக் குழு, யாருக்குக் கீழே, எத்தனை சுற்று நேர்காணல் என்று அதில் கேட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்பவர் நிறுவனத்தோடு உண்மையில் தொடர்பில் இருப்பவர். ரெஸ்யூமே அனுப்புவது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். புதிய வேலைக்கான கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய அலுவலகத்தில் யாரிடமும் இதைச் சொல்ல வேண்டியதில்லை.