ஆறு மீட்டர் கயிறும் அமைதியான அறையும்

சமூக நலச் செவிலியப் பயிற்சிக்காகக் கிராமத்துக்கு வரும் செவிலிய மாணவிகள், பள்ளிக் குழந்தைகளின் கண், காது, வளர்ச்சி மூன்றையும் பரிசோதிக்க ஒரு திட்டம் எழுத வேண்டும். நோக்கங்களையும் அட்டவணைகளையும் எழுதுவது எளிது. ஆனால் பரிசோதனையின் தரத்தை முடிவு செய்வது, முந்தைய நாளே பள்ளிக்குப் போய் அறைகளைப் பார்த்துவிட்டு வருவதுதான்.

கண்ணுக்கு வெளிச்சமும் ஆறு மீட்டர் நீளமும் வேண்டும். பல வகுப்பறைகளில் அந்த நீளம் கிடைக்காது, வராந்தாதான் வசதி. ஆறு மீட்டர் கயிற்றை விரித்து, குழந்தை நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும். ஸ்நெல்லன் அட்டை குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், வெயில் அதன்மேல் அடித்துக் கூசக் கூடாது. எழுத்து தெரியாத சிறு குழந்தைகளுக்கு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் ‘ஈ’ அட்டை போதும்.

தவறுகள் நடப்பதெல்லாம் வரிசையில்தான். பின்னால் நிற்கும் பிள்ளைகள் முன்னவர் படிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். விரலால் கண்ணை மூடச் சொன்னால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மங்கல் கொஞ்சம் தெளிந்துவிடும், குறை மறைந்துபோகும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே குழந்தை அட்டை முன் நிற்க வேண்டும். கண்ணை மூடக் கெட்டியான அட்டைத் துண்டு கொடுக்க வேண்டும். வலது, இடது என்று தனித்தனியாகப் பார்ப்பது கட்டாயம். ஒரு கண் நன்றாக இருந்தால், மற்றதில் குறை இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. அதைச் சிறு வயதிலேயே கவனிக்காவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமலே பழகிவிடும். பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. ஏதாவது ஒரு கண்ணால் 6/9 வரியைப் படிக்க முடியாத குழந்தையை, மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்த பிறகு கண் பரிசோதகரிடம் அனுப்ப வேண்டும்.

காதுக்குத் தேவை அமைதி. சத்துணவுக் கூடமும் விளையாட்டுத் திடலும் பக்கத்தில் இருக்கும் அறை உதவாது. ஆடியோமீட்டர் இல்லாத இடத்தில் கிசுகிசுப்புச் சோதனை கைகொடுக்கும். உதட்டசைவு தெரியாதபடி செவிலியர் குழந்தையின் பின்னால் கையெட்டும் தூரத்தில் நிற்பார். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லி, மூச்சை வெளியே விட்ட பிறகு பழகிய சொற்களைக் கிசுகிசுப்பார். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். சளி பிடித்திருக்கும் குழந்தைக்குக் காது தற்காலிகமாக மந்தமாகலாம். அதைச் சில வாரம் கழித்து மறுபடி சோதித்த பிறகே முடிவு சொல்வது நியாயம். காதில் சீழ் வடிந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எடையும் உயரமும் சுலபமான வேலை என்று நினைத்து, புதிதாக வந்தவர்களிடம் விடுவது வழக்கம். அது சரியல்ல. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. எடை 21 கிலோ, உயரம் 128 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 12.8. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அந்த வயதுப் பெண்ணுக்கு 13.5-க்குக் கீழே வந்தால் மெலிவு. ஆகவே இவள் கவனிக்கப்பட வேண்டிய குழந்தை. இதே சிறுமி கூன் போட்டு, தலையைக் குனிந்து நின்று, 124 என்று பதிவானால்? விடை 13.7 ஆகிவிடும். மெலிந்த குழந்தை ‘இயல்பு’ என்று பெயர் வாங்கி வீட்டுக்குப் போவாள். கூடவே, உண்மையில் இல்லாத வளர்ச்சிக் குறைவு அவள் பெயரில் ஏறும். நான்கு சென்டிமீட்டர் செய்யும் கேடு இது.

காலணியைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி, பார்வையை நேராக வைக்கச் சொல்லி அளக்க வேண்டும். உயரக் கொண்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். எடை இயந்திரம் சமதளத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயதைக் குத்துமதிப்பாக எழுதாமல், பள்ளிப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். எண்ணை உரக்கச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. வகுப்பே சிரித்துவிட்டால் அந்தக் குழந்தை அடுத்த முறை வராது.

திட்டத்தின் கடைசிப் பக்கம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கிறது: யாரை எங்கே அனுப்பினோம், போனார்களா? 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றன. கூடுதல் சிகிச்சை தேவைப்படுவோருக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மாணவிகள் தாங்கள் கண்டறிந்த குழந்தைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பயிற்சி முடிவதற்குள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

பள்ளியிலிருந்து உங்கள் பிள்ளை ஒரு பரிந்துரைச் சீட்டோடு வந்தால் அதைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.