விரலை நீட்ட மறுத்த மாமா

மா அறுவடை நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அதனால் அந்தத் தன்னார்வலர் தோப்புக்கே போய்விடுவார். இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதும், மாத்திரை கொண்டுபோய்த் தருவதும் இந்தப் பெண்களின் வேலை. இங்கே வருகிற ஆட்கள் கற்பனை. அவர்கள் பேசுகிற பேச்சு மட்டும் எந்த ஊரிலும் காதில் விழும்.

"மாமா, ஒரு சொட்டு ரத்தம்தான்" என்றார் அவர்.

"போம்மா. மண்ணுல உழைக்கிறவனுக்குச் சக்கரை வருமா? அதெல்லாம் நாற்காலியில உட்கார்ந்து சம்பளம் வாங்குறவனுக்கு."

அதில் பாதி உண்மைதான். வேலை செய்கிற தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆனால் உழவுக்கு டிராக்டர், தண்ணீர் பாய்ச்ச மோட்டார், தோப்புக்கு வர பைக் என்று ஆனபின் மாமாவின் உழைப்பு அவருடைய அப்பாவின் உழைப்பு அல்ல. வயதும் குடும்ப வழியும் வேறு இருக்கின்றன. தன்னார்வலர் அதையெல்லாம் வாதாடவில்லை.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

"மூணு, நாலு. வயசாச்சில்ல?"

வயது காரணமாக இருக்கலாம். ஆனால் ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது. அது சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம்.

மாமா அதற்கும் அசையவில்லை. கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "எங்கண்ணன் சக்கரைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். காலை எடுத்து அனுப்பிட்டாங்க."

பிடிவாதம் என்று நாம் சொல்வதற்குள் பெரும்பாலும் இப்படி ஒரு பயம் இருக்கும். இந்தப் பயத்தைத் தொடாமல் எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் பயனில்லை.

"பெரிய மாமாவுக்கு முள்ளு குத்தி எத்தனை நாள் கழிச்சு ஆஸ்பத்திரி போனாரு?"

"முள்ளு குத்தினதே அவனுக்குத் தெரியல. புண்ணாகி மூணு மாசம் மஞ்சள் வெச்சுக் கட்டினோம்."

"சக்கரை பார்த்தது?"

"ஆஸ்பத்திரியிலதான்…" என்று இழுத்தார்.

முதலில் உணர்ச்சி போனது, பிறகு புண், அதன் பிறகுதான் பரிசோதனை. இந்த வரிசையை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். சற்று நேரம் கழித்து விரலை நீட்டினார்.

தன்னார்வலர் குத்தவில்லை. "முதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க." காலையிலிருந்து பழம் அரிந்த கை. விரலில் ஒட்டிய பழச்சாறு சொட்டு ரத்தத்தில் கலந்தால் கருவி இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுதாகப் போகாது. கழுவி, ஈரம் துடைத்து, விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினார். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை ஸ்ட்ரிப்பில் தொட்டார்.

268.

"மிஷின் பொய் சொல்லுது" என்றார் மாமா.

"கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் மாமா. அதனாலதான் சுகாதார நிலையத்துல நரம்புல ரத்தம் எடுக்கணும்கிறேன்."

சரியான பதில். இந்தக் கருவிகளுக்கு 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டதே. அதைக் கழித்தாலும் மாமாவின் அளவு ஏறக்குறைய 230க்குக் கீழே போகாது. ஆனாலும் விரல் சொட்டை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். வெறும் வயிற்றில் 164. இரண்டு மணி நேரம் கழித்து 281. முதலாவது 126ஐயும் இரண்டாவது 200ஐயும் எட்டினாலே நீரிழிவு. மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும் பார்த்தார். வலது கட்டைவிரலில் தொட்டது மாமாவுக்குத் தெரியவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார் தன்னார்வலர். முதல் சில நாள் வயிறு கலக்கலாம், அதற்காக நிறுத்திவிடக் கூடாது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். பலர் கைவிடுவது அந்த வாரத்தில்தான். "இனிமே மூணு வேளையும் களிதான்" என்று மாமா சபதம் எடுத்ததையும் தடுத்தார். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம். களி உருண்டையும் பெரிதானால் சர்க்கரை ஏறும்.

உங்கள் வீட்டிலும் விரலை நீட்ட மறுக்கும் ஒருவர் இருந்தால், அவரிடம் சர்க்கரையைப் பற்றிப் பேசுமுன் அந்த நோயால் அவர் யாரை இழந்தார் என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது.