சாவியோடு கொடுக்க வேண்டிய தாள்

புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, "தண்ணி காலைல வரும், குப்பை வண்டி எட்டு மணிக்கு" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவதே வழக்கம். சாமான் இறக்கும் பரபரப்பில் அது யார் காதிலும் நிற்காது. சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பிறகு வரும் பாதி மனத்தாங்கல்களைத் தவிர்க்கலாம். ஆனால் வெறும் கட்டளைகளாக எழுதினால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணமும் வேண்டும், கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற குறிப்பும் வேண்டும்.

சென்னையில் கீழே ஒரு குடித்தனம், மாடியில் ஒரு குடித்தனம் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. எட்டு பேருக்கு 1080 லிட்டர் ஆகிறது. ஆக, ஒருமுறை மோட்டார் போட்டால் போதாது. காலையும் மாலையும் போட வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவிட்டால், "ஏன் இரண்டு வேளை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாஷிங் மெஷினை இரு வீட்டிலும் ஒரே காலையில் ஓடவிட வேண்டாம் என்பதும் தானே விளங்கிவிடும்.

நேரத்தைவிட முக்கியமானது, மோட்டார் எவ்வளவு நேரத்தில் தொட்டியை நிரப்பும் என்பது. வீட்டுக்காரர் ஒருமுறை கடிகாரம் பார்த்து அதை எழுதிவைக்க வேண்டும். இந்த வீட்டில் அரைமணி என்று வையுங்கள். முக்கால் மணி ஆகியும் நிரம்பவில்லை என்றால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காமல் மோட்டார் மட்டும் உறுமினால் அதுதான் அடையாளம். தண்ணீர் இல்லாமல் தொடர்ந்து ஓடினால் சூடேறி பம்ப் கெட்டுப்போகும். காயில் எரிந்துபோனால் செலவு பெரிது.

மோட்டார் சரியாக ஓடியும் தொட்டி சீக்கிரம் காலியாகிறதா? முதலில் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். அதில் கொஞ்சம் சாயமோ மஞ்சள்தூள் கரைத்த நீரோ ஊற்றி, அரைமணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. சத்தமே இல்லாமல் ஒழுகும் இந்தத் தண்ணீர் பல வீடுகளில் கண்ணில் படுவதே இல்லை.

கீசருக்கும் தண்ணீரோடுதான் சம்பந்தம். வீடு பூட்டிக்கிடந்து திறந்த பிறகும், தொட்டி கழுவிய பிறகும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, நீர் இடைவிடாமல் வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். உள்ளே நீர் இல்லாவிட்டால் ஹீட்டர் காயில் கருகிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் காயில் மேல் வெள்ளையாகப் படிவு ஏறும். கொதிக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தாலோ, சூடேற முன்னைவிட அதிக நேரம் ஆனாலோ சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

குப்பைக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். சமையலறைக் கழிவு ஒரு கூடையில், பிளாஸ்டிக்கும் காகிதமும் இன்னொன்றில். மக்கும் குப்பையை பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கக் கூடாது. தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிழித்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். நாப்கின், டயாப்பர், உடைந்த கண்ணாடி மூன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் கை கிழிபடுவது நம் அலட்சியத்தால் நடக்கக் கூடாது. பால் கவரை அலசிக் காயவைத்தால் எறும்பும் வராது, நாற்றமும் இருக்காது.

யாரைக் கூப்பிடுவது என்பதில், எண்ணுக்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். மின்சாரம் போனால் பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தால் நம் வீட்டு எம்.சி.பி. விழுந்திருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். தெருவே இருட்டாக இருந்தால் மின்னகம், 94987 94987. சாக்கடை வீட்டுக்குள் அடைத்தால் பிளம்பர். தெரு மேன்ஹோல் பொங்கினால் மெட்ரோ வாட்டர், 044-4567 4567. குப்பை வண்டி வராவிட்டால் மாநகராட்சி, 1913.

கேஸ் வாடை வந்தால் மட்டும் போனை முதலில் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்துவிட வேண்டும். வாசலுக்கு வந்த பிறகே 1906-ஐ அழைக்கலாம். இந்த ஒரு பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள்.