அணைத்த பிறகும் மினுக்கும் எல்.இ.டி. பல்பு

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், கண் இருட்டுக்குப் பழகியதும் பல்பில் மங்கலான ஒளி தெரிகிறது. சில வீடுகளில் அது இரண்டு நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று வெட்டி மறைகிறது. பல்பு பழுது என்று கடையில் மாற்றி வாங்கி வந்தாலும் புதியதும் பெரும்பாலும் அதையே செய்யும். முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சை. இருட்டில் கைக்குத் தெரியட்டும் என்று அதற்குள் ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு எரிகிறதா?

விளக்கு அணைந்திருக்கும்போது எரியும் இண்டிகேட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் சுவிட்ச் போர்டுகளில் விளக்குச் சுவிட்சுக்குப் பொதுவாக ஃபேஸ் ஒயர் மட்டுமே வரும். நியூட்ரல் நேரே பல்புக்குப் போய்விடும். அதனால் இண்டிகேட்டரைச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இணைத்துவிடுகிறார்கள். சுவிட்சை அணைத்ததும் மின்சாரம் இண்டிகேட்டர் வழியாக நுழைந்து, பல்புக்குள் புகுந்து, நியூட்ரலில் போய்ச் சேருகிறது. இண்டிகேட்டர் எரிய வேண்டுமானால் பல்பும் அந்த வழியில் இருந்தே தீர வேண்டும்.

குண்டு பல்பு காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. நியான் இண்டிகேட்டருடன் 220 கிலோ ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் சுமார் 65 வோல்ட்டை நியான் எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் ஓடுவது முக்கால் மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு ஒளிர 260 மில்லி ஆம்பியர் வேண்டும். முக்கால் மில்லி ஆம்பியரால் அதன் இழை வெதுவெதுப்புகூட அடையாது.

எல்.இ.டி. பல்பின் கதை வேறு. மிகக் குறைந்த மின்னோட்டத்திலும் எல்.இ.டி. சில்லு ஒளிரும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். உள்ளே எளிமையான சுற்று உள்ள பல்புகள் இதனால்தான் விடாமல் மங்கலாக எரிகின்றன.

விட்டுவிட்டு மின்னுவதற்குக் காரணம் பல்புக்குள் இருக்கும் கெபாசிட்டர். சொட்டும் குழாயின் கீழ் வைத்த பாத்திரம்போல அது கசிந்து வரும் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்குச் சராசரியாக 0.3 மில்லி ஆம்பியர் போய்ச் சேர்ந்தால், நொடிக்கு 60 வோல்ட்டுக்குச் சற்று மேல் ஏறும். டிரைவர் சுற்று 100 வோல்ட்டில் விழிக்கும் என்றால், ஒன்றரை நொடியில் அது விழித்துப் பல்பை முழு ஒளியில் எரிக்கும். ஆனால் சேர்ந்திருக்கும் ஆற்றல் 9 வாட் பல்புக்கு மூன்று மில்லி நொடிக்குக்கூடப் போதாது. ஒரு வெட்டு வெட்டி அணைந்து, மறுபடி சேர்க்கத் தொடங்கும்.

மின் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டு முழுவதும் இப்படியே இருந்தாலும் ஒன்றரை யூனிட் அளவுதான். தூக்கம் கெடுவதுதான் உண்மையான தொல்லை.

எளிய தீர்வு, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சை மாட்டுவது. இண்டிகேட்டர் வேண்டும் என்பவர்கள் பல்புக்கு இணையாக 0.22 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடலாம். கசியும் மின்சாரம் அதன் வழியே போய்விடுவதால் பல்பின் முனையில் பத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் எழும்பாது. 275 வோல்ட் ஏ.சி. என்று அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். கையில் கிடைத்த கெபாசிட்டரைப் போட்டால் அது வெடிக்கலாம். இணைக்கும் இடமும் முக்கியம். பல்புக்கு இணையாகப் போடாமல் சுவிட்சின் குறுக்கே போட்டுவிட்டால் கசிவு பல மடங்கு கூடி, பல்பு முன்னைவிட நன்றாக எரியும். ஒரே சுவிட்சில் பல பல்புகள் உள்ள அலங்கார விளக்கானால், ஒன்றை மட்டும் குண்டு பல்பாக மாற்றினாலே போதும்.

இண்டிகேட்டரைக் கழற்றிய பிறகும் மினுக்கம் நிற்கவில்லையா? நீண்ட தூரம் ஒட்டியே ஓடும் ஒயர்களுக்கிடையே ஏற்படும் கசிவு ஒரு காரணம். இன்னொன்றுதான் ஆபத்தானது: சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பது. அந்த இணைப்பில் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் முழு ஃபேஸும் நிற்கும். பல்பு மாற்றும்போது விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இண்டிகேட்டர் கசிவிலும் டெஸ்டர் எரியும். எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் திறந்து, அதற்கு வருவது ஃபேஸ்தானா என்று பார்க்க வேண்டும். அதுவரை எம்.சி.பி.யை இறக்காமல் அந்தப் பல்பைத் தொடாதீர்கள்.