நாலு பட்டனும் ஒரே வேலை

என் மனைவியின் தம்பிக்கு இடது கையில் ஒரு குறையும் இல்லை. வலது கையில் தோள் அசையும், முழங்கை ஓரளவு மடங்கும், விரல்கள் எதையும் பற்றாது. பைக்கிலிருந்து தோள்பட்டை தரையில் மோதும்படி விழுந்தால், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் இழுபட்டு அறுந்துபோவது உண்டு. அவனுக்கு நடந்தது அதுதான்.

விபத்துக்கு முன்னால் அவன் பாதியில் விட்டிருந்த கணினி விளையாட்டு ‘ஹாலோ நைட்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்னக் குழு உருவாக்கி, 2017-ல் வெளியிட்டது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம் ஒன்றில், கையில் ஆணியை வாளாக ஏந்திய குட்டி வீரன் ஓடுகிறான், தாவுகிறான், வெட்டுகிறான். எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அதில் கிடையாது; யார் ஆடினாலும் அதே கடினம்தான். விளையாட்டை இளக்க முடியாது என்றால் கன்ட்ரோலரைத்தான் அவன் கைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

கன்ட்ரோலரை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். இடது கட்டைவிரலுக்கு, வீரனை நடத்தும் ஸ்டிக். அதன் கீழே கூட்டல் குறி வடிவத்தில் திசைப் பட்டன். வலது கட்டைவிரலுக்கு A, B, X, Y என்று நாலு பட்டன். மேல் விளிம்பில் இடப்பக்கம் LB, அதன் பின்னால் துப்பாக்கி விசை போல இழுக்கும் LT. வலப்பக்கம் அதேபோல RB, RT. ‘ஹாலோ நைட்’டில் தாவ A, வெட்ட X, காயத்தை ஆற்றிக்கொள்ள B, சட்டென்று பாய RT. நான்கும் வலது கையின் வேலை. உயிர் பிழைக்க வேண்டிய அத்தனையும் அவனுக்கு வேலை செய்யாத பக்கத்தில் இருந்தது.

பட்டன்களை இடம் மாற்றுவது சுலபம். எதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதனால் முதல் நாள் விளையாட்டையே திறக்கவில்லை. விண்டோஸில் `joy.cpl` என்று தட்டினால், கன்ட்ரோலரின் எந்தப் பட்டன் அழுந்துகிறது என்று விளக்கு எரிந்து காட்டும் சின்னத் திரை வரும். அதை வைத்துக்கொண்டு பத்து நொடிக்கு எத்தனை முறை அழுத்த முடிகிறது என்று விரல் விரலாக எண்ணினோம். இடது ஆள்காட்டி விரல் LB-யில் சரசரவென்று போனது. நடுவிரல் LT-யை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆனால் திரும்பத் திரும்ப இழுத்தால் சீக்கிரம் தளர்ந்தது. வலது கையைத் தோளால் தூக்கி முஷ்டியோடு பட்டன்கள் மேல் போடச் சொன்னேன். பத்து நொடியில் ஆறு தடவை விழுந்தது. ஆனால் ஒருமுறை A, ஒருமுறை Y, சில சமயம் இரண்டும் சேர்ந்து. குறி வைக்க முடியாது, விழவைக்க முடியும். பிறகு செய்த எல்லாமே இந்த மூன்று கண்டுபிடிப்புகளிலிருந்து வந்தவை.

மாற்றங்களை ஸ்டீமிலேயே செய்தோம். கணினி விளையாட்டுகளை விற்கும் அந்த மென்பொருளுக்குள்ளேயே ‘ஸ்டீம் இன்புட்’ என்ற இலவச வசதி இருக்கிறது. விளையாட்டின் பெயர் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, `Properties`, அதில் `Controller`, அங்கே ஸ்டீம் இன்புட்டை இயக்க வேண்டும். பிறகு கன்ட்ரோலர் படத்தைச் சொடுக்கி `Edit Layout` போனால் எல்லாப் பட்டன்களும் வரிசையாக வரும். LB-க்கு எதிரே A என்று வைத்தால் போதும். LB-யை அழுத்தும்போது, A-தான் அழுந்தியது என்று விளையாட்டு நம்பும். விளையாட்டு ஓடும்போதே `Shift+Tab` அழுத்தி மாற்றிப் பார்க்கலாம்.

இங்கே பலர் ஒரு சிக்கலில் மாட்டுகிறார்கள். ‘ஹாலோ நைட்’டுக்கு உள்ளேயும் பட்டன் மாற்றும் பக்கம் இருக்கிறது. அங்கே கொஞ்சம், ஸ்டீமில் கொஞ்சம் என்று மாற்றினால், மாற்றத்தின் மேல் மாற்றம் விழுந்து தாவ நினைத்தால் வெட்டும். ஓர் இடத்தில் மட்டும் மாற்றி, இன்னொன்றைப் பழைய நிலைக்கே திருப்பிவிட வேண்டும். திரையில் வரும் குறிப்புகள் மட்டும் ‘A-யை அழுத்து’ என்றுதான் தொடர்ந்து சொல்லும், விளையாட்டுக்கு நாம் செய்தது தெரியாதே. அதற்கு LB மேல் A என்று எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டினோம்.

தாவுவது LB-க்குப் போனது. இந்த விளையாட்டில் பட்டனைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல், பிடித்திருந்தால் உயரத் தாவல். விரல் இருக்கும் நேரம்தான் உயரம். ஆகவே அதில் எந்தத் தந்திரமும் கூடாது. ஒரே பட்டனுக்கு, தொட்டால் ஒன்று, நீளமாக அழுத்தினால் வேறொன்று என்று இரண்டு வேலை கொடுக்கவும் ஸ்டீமில் வழி உண்டு. இடம் மிச்சமாகும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் அழுத்தியது குட்டையா நீளமா என்று தெரியும்வரை மென்பொருள் காத்திருக்கும், அந்தக் கணத்தில் வீரன் முள்ளில் விழுந்திருப்பான். அவசர வேலைக்குத் தனிப் பட்டன், அதுவும் நன்றாக ஓடும் விரலுக்குக் கீழே.

வெட்டுவதில்தான் நான் தவறு செய்தேன். ஸ்டிக்கையே கீழ்நோக்கி அமுக்கினால் அதுவும் ஒரு பட்டன். கட்டைவிரல் எப்படியும் அங்கேதான் இருக்கிறது என்று வெட்டை அதில் வைத்தேன். பத்து நிமிடத்தில் வீரன் எதிரியை விட்டுவிட்டு வானத்தை வெட்ட ஆரம்பித்தான். காரணம் எளிது: ஸ்டிக் மேலே சாய்ந்திருந்தால் இந்த விளையாட்டில் ஆணி மேல்நோக்கி வீசும். அமுக்கும் வேகத்தில் ஸ்டிக் கொஞ்சம் மேலே நகர்ந்துவிடுகிறது.

“மாமா, கட்டைவிரல் அடியில சுருக்குனு இழுக்குது” என்றான். அந்தச் சுருக்கை அலட்சியம் செய்யக் கூடாது. இருப்பது ஒரு நல்ல கை. அன்றைக்கே அதை எடுத்துவிட்டேன்.

வெட்டு LT-க்கு வந்தது. நடுவிரலால் பிடித்திருக்க முடியும், படபடவென்று இழுக்க முடியாது என்று முன்பே பார்த்தோம் இல்லையா? மேக்ரோ தேவைப்பட்டது அங்கேதான். மேக்ரோ என்றால் ஒரு அழுத்தலுக்குப் பல அழுத்தல்களை மென்பொருள் தானே அனுப்புவது. ஸ்டீமில் அந்தப் பட்டனின் பல்சக்கரக் குறியைச் சொடுக்கினால் `Hold to Repeat` என்ற டர்போ அமைப்பு கிடைக்கும். இயக்கியதும் LT பிடித்திருக்கும்வரை X திரும்பத் திரும்பப் போகும். வேகத்தைக் கூட்டினால் நல்லது என்று தோன்றும், கூடாது. ஒரு வீச்சு முடிந்து அடுத்தது தொடங்க வீரனுக்கு நேரம் வேண்டும், நொடிக்கு இரண்டு மூன்று வீச்சுக்கு மேல் விளையாட்டு விடாது. அளவுக்கு மீறி வேகமாக அனுப்பினால், நொடிக்கு அறுபது படம் காட்டும் திரையில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலேயே பட்டன் அழுந்தி விடுபட்டுவிடும். விளையாட்டு அதைப் பார்க்கவே பார்க்காது. வீச்சுகள் விட்டு விட்டு வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நாங்கள் நொடிக்கு நாலைந்தில் நின்றோம். LT பாதி தூரம் போகும் முன்பே அழுந்தியதாகக் கணக்கில் எடுக்கும்படி அதன் எல்லையையும் குறைத்தோம், விரல் வெகுதூரம் இழுக்க வேண்டாம்.

ஒருமுறை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கட்டும், மறுபடி தட்டினால் நிற்கட்டும் என்ற அமைப்பும் உண்டு. அது இன்னும் சுலபம் என்று போட்டுப் பார்த்தோம். வீரன் யாருடனாவது பேசப் போன இடத்திலும் ஆணியை வீசிக்கொண்டே நின்றான். கழற்றிவிட்டோம்.

காயம் ஆற்றுவது இந்த விளையாட்டில் நின்ற இடத்தில்தான் நடக்கும், பட்டனை ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்க வேண்டும். நிற்க வேண்டும் என்றால் கட்டைவிரலுக்கு ஸ்டிக்கில் வேலை இல்லை! அது கீழே இறங்கித் திசைப் பட்டனைப் பிடித்துக்கொள்ளலாம். நாலு திசையையும் B ஆக்கினேன்.

இனி பாய்ச்சல். முஷ்டிக்குக் குறி தெரியாது என்றால் குறியே தேவையில்லாதபடி செய்துவிடலாம். A, B, X, Y நான்கையும் RT ஆக்கினேன். முஷ்டி எங்கே விழுந்தாலும், இரண்டு பட்டன் சேர்ந்தே அழுந்தினாலும் ஒரே ஒரு பாய்ச்சல். வரைபடம் பார்ப்பது போன்ற அவசரமில்லாத வேலைகள் RB, RT-க்குப் போயின. வலது கை மெதுவாக நகர்ந்து அமுக்கிக்கொள்ளும்.

முஷ்டி விழும்போது கன்ட்ரோலர் நழுவுமே, அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. பரீட்சை அட்டை ஒன்றின் மேல் வெல்க்ரோ ஒட்டிக் கன்ட்ரோலரைப் பதித்தோம். அட்டைக்கு அடியில் சமையலறை அலமாரியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு. மேஜை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தபோதுதான் வலது முழங்கைக்குத் தாங்கல் கிடைத்தது, முஷ்டியும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தனியாள் ஆடும் விளையாட்டு. மற்றவர்களோடு இணையத்தில் மோதும் விளையாட்டுகளில், பட்டனை இடம் மாற்றுவது பொதுவாகப் பிரச்சினை ஆகாது. தானாகத் திரும்ப அழுத்தும் மேக்ரோவைப் பல விளையாட்டுகள் ஏமாற்று வேலையாகக் கணக்கில் எடுத்துக் கணக்கையே முடக்கிவிடும். கை முடியாதவர் என்பது அந்தக் காவல் மென்பொருளுக்குத் தெரியாது. விதிகளைப் படித்துவிட்டு இயக்குங்கள்.

முதலில் பழைய ஆட்டத்தை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினான். அது நல்லதாகப் போயிற்று. ‘ஹாலோ நைட்’டில் பாயும் திறன் ஆரம்பத்தில் கிடையாது, கிரீன்பாத் என்ற பச்சைக் காட்டில் ஹார்னெட்டைத் தோற்கடித்தால்தான் கிடைக்கும். அதுவரை இரண்டு விரலும் ஒரு கட்டைவிரலும் மட்டும் பழகின, முஷ்டி மேஜையில் ஓய்வாகக் கிடந்தது. ஹார்னெட்டிடம் எத்தனை தடவை செத்தான் என்று நான் எண்ணவில்லை. ஜெயித்த இரவு முஷ்டிக்கு வேலை வந்தது.

பிறகு டர்போவே தடையாயிற்று. வெட்டுப் பட்டனைப் பிடித்துத் திரட்டி விடுவிக்கும் பெரிய வீச்சு ஒன்றை வழியில் ஓர் ஆசான் கற்றுக்கொடுக்கிறார். டர்போ பட்டனை இடைவிடாமல் விட்டு விட்டு அழுத்துவதால் வீச்சு திரளவே இல்லை. டர்போவை எடுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவனே `Shift+Tab` அழுத்தித் திசைப் பட்டனின் மேல் பக்கத்தை மட்டும் B-யிலிருந்து எடுத்து, டர்போ இல்லாத வெறும் X ஆக்கினான். மற்ற மூன்று பக்கமும் காயத்துக்கே இருந்தன.

“நின்னுக்கிட்டே திரட்டிக்கலாம் மாமா. ஓடிக்கிட்டே முடியாது, அவ்வளவுதான்” என்றான். கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு இறங்கியது, ஆணி வெளிச்சம் பிடித்தது, விரல் எடுத்ததும் எதிரில் இருந்த மூன்று பூச்சிகளும் ஒன்றாக விழுந்தன.