தீபாவளி விடுமுறையில் கிளெய்ம் நம்பர்: அறிவிப்பு எழுதும் முறை

கர்நாடகத்தில் நரக சதுர்த்தசிக்கும் பலிபாட்யமிக்கும் அரசு விடுமுறை. பக்கத்தில் ஒரு ஞாயிறும் சேர்ந்துவிட்டால் ராபர்ட்சன்பேட்டையில் இன்சூரன்ஸ் அலுவலகங்கள் மூன்று நான்கு நாள் பூட்டிக் கிடக்கும். பட்டாசுக் காயம் நேரும் நாட்களும் அவைதான். ஆகவே ஏஜென்ட் அனுப்பும் விடுமுறை அறிவிப்பை வாழ்த்துச் செய்தியோடு கலக்காமல் தனியாக எழுத வேண்டும்.

முதலில் நம்பர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அலுவலக லேண்ட்லைனும் கிளை அலுவலரின் எண்ணும் விடுமுறையில் ஓயும். பாலிசி அட்டையில் அச்சிட்ட கம்பெனியின் இலவச எண் பெரும்பாலும் இரவிலும் இயங்கும். ஆனாலும் நம்பி எழுதிவிடாதீர்கள். விடுமுறைக்கு முந்தின ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் நீங்களே ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டு, மனிதர் பேசுகிறாரா, தமிழிலோ கன்னடத்திலோ பேச முடிகிறதா என்று பாருங்கள். பதிவுக்குரல் மட்டும் கேட்கும் நம்பரை நீக்கிவிடுங்கள்.

அடுத்து, எந்த நம்பர் எதற்கு என்று எழுதுங்கள். வெறும் பட்டியலால் பயனில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 108 அல்லது 112, கிளெய்ம் பிறகு. 155255 காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண். அதில் கிளெய்ம் பதிவாகாது. அதைக் கடைசி வரியில் போடுங்கள்.

தீபாவளி இரவு பையனுக்குக் கையில் தீக்காயம், கோலாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரமாக மருத்துவமனையில் சேர்த்ததை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கின்றன பல பாலிசிகள். “ஆபீஸ் திறக்கட்டும்” என்று அப்பா காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். அறிவிப்பு அவருக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும்: அட்டையையும் ஆதாரையும் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் கொடுங்கள், இலவச எண்ணில் கூப்பிட்டுப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன் பிறகே ஏஜென்டைக் கூப்பிடுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் ஆணையம் விதித்த விதி. அந்த மருத்துவமனை கம்பெனியின் பட்டியலில் இல்லாவிட்டால் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டியதுதான். அப்போதும் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

விடுமுறைக்கு மட்டும் ஒரு மாற்று நம்பர் தந்தால், அதற்கு “இந்தத் தேதி காலை 10 முதல் இந்தத் தேதி காலை 10 வரை” என்று எல்லை கொடுங்கள். விடுமுறை முடிந்ததும் “பழைய நம்பரே இனி” என்று இன்னொரு செய்தி போக வேண்டும்.

போலிக்காரர்களுக்கும் இது வாய்ப்பான நேரம். அறிவிப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் விடாமல் அலுவலகக் கதவிலும் ஒட்டுங்கள். பெரியவர்களுக்குப் போனில் படித்துக் காட்டுங்கள். கூகுளில் கிடைத்த நம்பரைக் கூப்பிடாதீர்கள், கிளெய்முக்காக ஓடிபியோ முன்பணமோ யார் கேட்டாலும் தராதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள் என்ற வரிகள் அதில் கட்டாயம் இருக்கட்டும்.